பெரியம்மா கைப்பேசியில் லூடோ: இறக்கவும் புதுப்பிக்கவும் சொல்லிக்கொடுத்த நான்கு நாட்கள்

பொங்கலுக்கு முந்தின நாள் பெரியம்மாவின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோது, பதிவிறக்கங்கள் சேரும் இடத்தில் ஒரே பெயருடைய மூன்று கோப்புகள் கிடந்தன. மூன்றின் வாலிலும், ஆண்ட்ராய்டு செயலிகளை நிறுவும் கோப்புகளுக்கு உரிய `.apk` என்று இருந்தது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பெயரோடு எண் சேர்ந்திருந்ததால், அவர் ஒரே இணைப்பை மூன்று தடவை தொட்டிருக்கிறார் என்பது தெரிந்தது. என்னவென்று கேட்டேன். "லூடோ இறக்கலாம்னு பார்த்தேன்டா. இறங்குது, ஆனா எங்க போய் உக்காருதுன்னுதான் தெரியல" என்றார்.

அந்த இணைப்பு உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ முன்னனுப்பிய செய்தியில் வந்திருந்தது. லூடோ ஆடினால் தினமும் பணம் வரும் என்று அதில் எழுதியிருந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிவிட்டது. அப்படிப்பட்ட விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு இப்போது ஒரு கோப்பு வாட்ஸ்அப்பில் வருகிறதென்றால், அது ஒளிந்து நடக்கும் சூதாக இருக்கும். இல்லையென்றால் விளையாட்டே இல்லாமல், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படிப்பதற்காகச் செய்த செயலியாக இருக்கும். இரண்டில் எது என்று திறந்து பார்க்க எனக்கு விருப்பமில்லை. மூன்றையும் அழித்தேன்.

அவரைக் காப்பாற்றியது ஆண்ட்ராய்டில் உள்ள ஒரு பூட்டு. உலாவியிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ வந்த `.apk` கோப்பைத் திறந்தால், இந்த இடத்திலிருந்து வரும் செயலிகளை நிறுவ அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி எழும். அதில் "Cancel" என்றும் "Settings" என்றும் இரண்டு சொற்கள் இருக்கும். "Settings" என்பதைத் தொட்டு, அடுத்த திரையில் ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டால் பூட்டு திறந்துவிடும். பெரியம்மா மூன்று முறையும் "Cancel" தொட்டிருக்கிறார். அந்த ஆங்கிலம் புரிந்து செய்ததல்ல, ஏதோ கோபமாகச் சொல்கிறதே என்று பயந்து செய்தது. யாராவது பக்கத்தில் இருந்து "அதைத் தள்ளிவிடுங்க பாட்டி" என்று உதவியிருந்தால் அந்தச் செயலி உள்ளே வந்திருக்கும். நம் வீடுகளில் அப்படி உதவுவதற்கு ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

எனவே பாடம் தொடங்குவதற்கு முன்னால் மூன்று காரியங்களை நானே செய்து முடித்தேன். முதலாவதாக, அமைப்புகளில் "Install unknown apps" என்று தேடி, அங்கே வரிசையாக வந்த குரோம், வாட்ஸ்அப், கோப்பு மேலாளர் எல்லாவற்றுக்கும் எதிரே "Not allowed" என்றே இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. இரண்டாவதாக, பிளே ஸ்டோரில் மேலே வலப்பக்கம் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, "Play Protect" என்பதற்குள் போய் ஒரு முறை சோதனை ஓடவிட்டேன். கெடுதலான செயலி எதுவும் அகப்படவில்லை. மூன்றாவதாக, அதே வட்டப் படத்தின் கீழ் பணம் செலுத்தும் வழிகள் இருக்கும் பகுதியில் அட்டையோ யுபிஐயோ சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். எதுவும் இல்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏதாவது சேர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கைரேகையோ கடவுச்சொல்லோ கேட்கும்படி ஸ்டோரின் அமைப்பில் மாற்றியிருப்பேன். விளையாட்டுக்குள் நூறு ரூபாய்க்கு நாணயப் பொட்டலம் விற்கும் பொத்தான், ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அறுபத்தேழு வயதில் விரல் சற்று நடுங்குகிறவருக்கு அந்த இடைவெளி போதாது.

கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். மாற்றிக் காட்டினேன். "நிறுவு" என்ற பொத்தானைப் பார்த்துவிட்டு, "என்னத்தடா நிறுவணும், சிலையா?" என்று கேட்டார். அது மட்டும் காரணமில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணும் கடைத்தெருவில் ரீசார்ஜ் செய்கிற பையனும் நானும் தொலைபேசியில் வழி சொல்லும்போது ஆங்கிலப் பெயர்களைத்தான் சொல்வோம். பெரியம்மா எட்டாம் வகுப்புவரை படித்தவர்; ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். ஆகவே திரை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், அவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய சொற்கள் ஐந்தாறுக்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்தோம். அந்தச் சொற்களை வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். முதல் மூன்று "Install", "Open", "Update".

இன்னொரு விதியையும் வைத்துக்கொண்டேன். கைப்பேசி முழு நேரமும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். நான் என் விரலால் தொடக்கூடாது, "மேல வலது பக்கம் பாருங்க" என்று வாயால் மட்டும் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் இந்த விதியை நானே இரண்டு முறை மீறினேன். வாங்கி இரண்டே நொடியில் செய்து கொடுத்தபோது அவர் "சரி, சரி" என்று தலையாட்டினார். மறுபடி அவரையே செய்யச் சொன்னபோது எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு என் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

முதல் நாள் பாடம் விளையாட்டைக் கண்டுபிடிப்பது. எந்த லூடோ என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஸ்டோருக்குள் போய்த் தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டால் அங்கேயே குழப்பம் தொடங்கிவிடும். அத்தையும் சின்ன மாமியும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பது லூடோ கிங். அவர்களோடு ஆடுவதற்குத்தான் பெரியம்மாவுக்கும் ஆசை என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவை வரவில்லை. தாயக்கட்டத்தில் காயை வெட்டியும் மலையில் ஏறியும் பழமாக்கியும் பழகியவருக்கு லூடோ கால் மணி நேரத்து வேலை.

பிளே ஸ்டோரைத் திறந்து, தேடும் பெட்டியின் ஓரத்தில் உள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு "லூடோ" என்று மட்டும் சொன்னார். பட்டியல் வந்தது. அவர் விரல் உடனே மேலே இருந்த முதல் படத்தை நோக்கிப் போனது. "நில்லுங்க பெரியம்மா, அந்தப் படத்துக்கு மேல சின்னதா ஒரு வார்த்தை இருக்கு, படிங்க" என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு "எஸ், பி, ஓ..." என்று கூட்டினார். அது "Sponsored". காசு கொடுத்து முன்னால் வந்து உட்கார்ந்த விளம்பரம் என்று விளக்கினேன். அதற்கு அவர், "சந்தையில வாசல்லயே மறிச்சு விக்கிறவன் மாதிரியா?" என்றார். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. விளம்பரம் என்பதாலேயே அது மோசமான செயலி என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அது அவர் தேடி வந்த செயலி அல்ல. நான்காவது சொல்லாக "Sponsored" நோட்டில் ஏறியது.

அடுத்தது உருவ ஒற்றுமை. லூடோ என்ற பெயரில் நான்கு நிறக் கட்டமும் பகடையும் போட்ட படங்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. சிலவற்றில் கிரீடமும் உண்டு. படத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளச் சொல்வது வீண். அதனால் பெயரையும் அதன் கீழே உள்ள வரியையும் சேர்த்துப் படிக்கப் பழக்கினேன். ஸ்டோரில் ஒரு செயலியின் பக்கத்தைத் திறந்தால் பெரிய எழுத்தில் அதன் பெயரும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் அதைச் செய்தவர்களின் பெயரும் வரும். லூடோ கிங்கைச் செய்தது நவி மும்பையில் உள்ள கேம்ஷன் என்ற நிறுவனம்; ஆகவே கீழ் வரியில் "Gametion" என்ற சொல் இருக்க வேண்டும். இதை எழுத்து எழுத்தாக நோட்டில் எழுதி, திரையில் தெரிவதையும் நோட்டில் உள்ளதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்ப்பவர் போல ஒவ்வொரு எழுத்தின் மேலும் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆனது. ஆகட்டும் என்று விட்டேன்.

நட்சத்திர மதிப்பீட்டையும் பதிவிறக்க எண்ணிக்கையையும் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. புதிதாக முளைத்த போலிக்கு எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் "M" என்றால் பத்து லட்சம், "K" என்றால் ஆயிரம் என்று தொடங்கினால் பாடம் வேறெங்கோ போய்விடும். செய்தவர் பெயர் ஒத்துப்போனால் போதும். பெயருக்கு அடியில் "Contains ads" என்றும் "In-app purchases" என்றும் இரண்டு குறிப்புகள் உண்டு. முதலாவது, நடுநடுவே விளம்பரம் வரும் என்பது. இரண்டாவது, உள்ளே காசு கேட்கும் இடங்கள் உண்டு என்பது. இவை இருப்பதால் இறக்கக்கூடாது என்றில்லை, இன்னதை எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்குத்தான்.

"Install" தொட்டார். வட்டம் சுற்றியது. அது சுற்றும்போது மறுபடி மறுபடி தொடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த நேரத்தில் அதே இடத்தில் "Cancel" வந்து நிற்கும். இரண்டு முறை தொட்டு அவரே ரத்து செய்துவிட்டு, "பாத்தியா, எனக்கு மட்டும் வர மாட்டேங்குது" என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தபோது மூன்றாம் முறை இறங்கி முடிந்தது. பொத்தான் "Open" என்று மாறியது. இந்த மாற்றத்தை அவர் கவனித்தே ஆக வேண்டும் என்பதற்காகச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். முன்பு "Install", இப்போது "Open". ஒரே இடத்தில் உள்ள ஒரே பொத்தான், சொல் மட்டும் மாறுகிறது. இதை ஏன் இவ்வளவு அழுத்தினேன் என்பது நான்காம் நாள் பாடத்தில் வரும்.

விளையாட்டைத் திறந்ததும் அறிவிப்புகள் அனுப்பலாமா என்று கேட்டது. வேண்டாம் என்று தொடச் சொன்னேன். எந்த விளையாட்டு எந்த அனுமதி கேட்டாலும் முதலில் "Don't allow" என்று சொல்லிவிடுங்கள், பகடை உருளாமல் போனால் மட்டும் எனக்குத் தொலைபேசி செய்யுங்கள் என்பதுதான் நான் கொடுத்த விதி. பகடை உருட்டுவதற்குத் தொடர்பு எண்களோ குறுஞ்செய்திகளோ தேவைப்படாது. தேவையானால் பிறகு அமைப்புகளுக்குப் போய்க் கொடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் முழுவதும் விளம்பரத்திலேயே போனது. எந்த இலவச விளையாட்டிலும் ஓர் ஆட்டம் முடிந்ததும் திரை முழுக்க ஒரு விளம்பரம் வரலாம். அதில் ஓடும் காட்சியின் கீழே ஸ்டோரில் இருப்பது போலவே "Install" என்று ஒரு பொத்தான் நிற்கும். நேற்று அவ்வளவு பாடுபட்டு "Install" என்றால் தொட வேண்டும் என்று பழக்கியது இப்போது எனக்கே எதிராகத் திரும்பியது. மதியத்துக்குள் பெரியம்மாவின் கைப்பேசியில் ஒரு டார்ச் லைட்டும் குப்பை நீக்கும் செயலி ஒன்றும் வந்து உட்கார்ந்திருந்தன. அவை ஸ்டோரிலிருந்தே இறங்கியவை என்பதால் பெரிய ஆபத்து இருந்திருக்காது. ஆனால் அவர் அவற்றை லூடோவின் பகுதிகள் என்று நினைத்திருந்தார்.

ஆகவே பாடத்தைத் திருத்தினேன். "Install" என்ற சொல்லைக் கண்டவுடன் தொடக்கூடாது; நாமாகத் தேடிப் போன இடத்தில் இருந்தால் மட்டுமே தொட வேண்டும். நம்மைத் தேடி வந்த "Install" நமக்கானதல்ல. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி சில நொடிகள் கழித்துத்தான் மூலையில் தோன்றும், அதுவும் மிகச் சிறியதாக இருக்கும். சில விளம்பரங்களில் முதலில் அம்புக்குறி வந்து, அதைத் தொட்டபின் இன்னொரு திரை வந்து, அதற்குப் பிறகே பெருக்கல் குறி வரும். விரல் சற்று விலகிப் பட்டாலும் ஸ்டோருக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப் போனால் பதற்றப்படாமல் மேலே உள்ள பெயரைப் படித்து, அது லூடோ கிங் இல்லையென்றால் கைப்பேசியின் பின்செல்லும் குறியைத் தொட்டுத் திரும்பிவிட வேண்டும். ஸ்டோரின் பக்கத்தைப் பார்த்ததாலேயே எதுவும் உள்ளே வந்துவிடாது, அங்கே "Install" தொட்டால்தான் வரும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இது தெரிந்த பிறகுதான் அவருடைய பயம் குறைந்தது. டார்ச்சையும் குப்பை நீக்கியையும் அவர் கையாலேயே ஸ்டோரில் தேடி, "Uninstall" தொட்டு எடுத்தார். ஐந்தாவது சொல் அது.

மூன்றாம் நாள் பாடம்தான் நான் முக்கியமாகச் சொல்லிக்கொடுக்க நினைத்த புதுப்பித்தல். அதைத் தொடங்கும்போதே ஒரு தடை எழுந்தது. "அதெல்லாம் வேண்டாம்டா, சேர்த்ததெல்லாம் போயிடும்" என்றார். விசாரித்தபோது, போன கோடையில் பேரன் ஒரு கேரம் விளையாட்டைச் சரிசெய்கிறேன் என்று எடுத்துவிட்டு மறுபடி போட்டதும், அதில் அவர் சேர்த்திருந்த நாணயமெல்லாம் காணாமல் போனதும் தெரியவந்தது. கணக்கு எதுவும் தொடங்காமல் விருந்தினராக ஆடினால், சேர்த்தது பெரும்பாலும் அந்தக் கைப்பேசிக்குள்ளேயே இருக்கும். செயலியை நீக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும். புதுப்பிப்பது வேறு. வீட்டை இடித்துக் கட்டுவது ஒன்று, சாமான்கள் உள்ளே இருக்கும்போதே ஓடு மாற்றுவது இன்னொன்று என்று சொன்னேன். ஓடு மாற்றிய அனுபவம் அவருக்கு உண்டு என்பதால் ஒப்புக்கொண்டார்.

அவர் கைப்பேசியில் பல செயலிகள் மாதக்கணக்கில் பழையதாகவே கிடந்தன. ஸ்டோர் தானாகவே எல்லாவற்றையும் புதுப்பிக்கும் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வழக்கமாக, வைஃபை கிடைத்து, கைப்பேசி மின்னேற்றத்தில் இருந்து, யாரும் பயன்படுத்தாத நேரத்தில்தான் அந்த வேலையைச் செய்யும். பெரியம்மா வீட்டில் வைஃபை கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் சிம்தான். ஸ்டோரின் அமைப்புகளில் "Network preferences" என்பதற்குள் பார்த்தபோது தானியங்கிப் புதுப்பிப்பு "Over Wi-Fi only" என்று இருந்தது. வராத வைஃபைக்காக அந்தக் கைப்பேசி காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இப்படிப் பழையதாகவே கிடக்கும் கைப்பேசியில்தான், ஒரு நாள் விளையாட்டோ வேறு செயலியோ புதுப்பித்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும். அந்த நேரத்தில் உலாவியில் எவனோ காட்டும் போலி "Update" பொத்தானும் நம்பும்படியாகத் தோன்றும். எந்த வலையிலும் புதுப்பிக்கலாம் என்று அதை மாற்றிவிட்டிருக்கலாம். ஆனால் பகலில் பேரனோடு காணொளியில் பேசும் நேரத்தில் டேட்டா தீர்ந்துவிட்டால் பழி என் மேல் விழும். அதனால் அமைப்பை அப்படியே விட்டுவிட்டு, வாரம் ஒரு முறை அவரே கையால் புதுப்பிப்பது என்று வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை இரவு, விளக்கேற்றிச் சாப்பிட்டு முடித்தபின், அன்றைய டேட்டாவில் மிஞ்சியதை வைத்துச் செய்வது. நள்ளிரவுக்கு மேல் அது எப்படியும் வீணாகப் போகிற டேட்டாதான்.

வழி இதுதான். ஸ்டோரைத் திறந்து வட்டப் படத்தைத் தொட வேண்டும்; "Manage apps & device" என்ற வரியைத் தொட வேண்டும்; புதுப்பிக்க ஏதாவது இருந்தால் அங்கே "Updates available" என்று காட்டும். அதன் கீழே எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதுப்பிக்க ஒரு பொத்தானும், பட்டியலைப் பார்க்க "See details" என்ற ஒன்றும் இருக்கும். பட்டியலைத்தான் பார்க்கச் சொன்னேன். அங்கே ஒவ்வொன்றுக்கும் எதிரே தனித்தனி "Update" இருக்கிறது, அளவும் தெரிகிறது. மாற்றப்பட்ட பகுதிகளை மட்டுமே பெரும்பாலும் இறக்குவதால், முதன்முதலில் இறக்கிய அளவைவிட இது பொதுவாகக் குறைவாகவே வரும். முதலில் வங்கிச் செயலி, அடுத்து வாட்ஸ்அப், அதற்குப் பிறகே லூடோ என்று வரிசை சொன்னேன். லூடோவுக்காக உட்கார்ந்து வங்கிச் செயலியையும் புதுப்பித்துவிடுவார் என்ற என் உள்நோக்கத்தை அவரிடம் சொல்லவில்லை.

அன்று லூடோவின் "Update" தொட்டதும் ஓடவில்லை. போதிய இடமில்லை என்றது. அறுபத்து நான்கு ஜிபி கைப்பேசியில் எஞ்சியிருந்தது ஒரு ஜிபிக்கும் குறைவு. புதுப்பிக்கும்போது இறங்கும் பொதியும் ஏற்கெனவே உள்ள செயலியும் சிறிது நேரம் ஒன்றாக இருக்க வேண்டியிருப்பதால், திரையில் காட்டும் அளவைவிட அதிக இடம் தேவைப்படும். இடத்தைத் தின்றது எது என்று தேட வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பின் அமைப்பில் சேமிப்பு பற்றிய பகுதியைத் திறந்தால் எந்த உரையாடல் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். காலை வணக்கப் படங்களும் கோயில் காணொளிகளும் எட்டு ஜிபி. அழிக்க மனம் வரவில்லை. சாமி படத்தை அழிக்கலாமா என்று கேட்டார். ஒரே திருப்பதி காணொளி நான்கு பேர் அனுப்பி நான்கு முறை இருப்பதைக் காட்டிய பிறகு, ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை எடுத்தார். அப்படியே இரண்டு ஜிபி காலியானது. மறுபடி "Update" தொட்டார். வட்டம் சுற்றி முடிந்து "Open" வந்தது. உள்ளே போய் முதலில் நாணயக் கணக்கைத்தான் பார்த்தார். குறையவில்லை.

இப்போது அந்தப் பொத்தானுக்கு வருகிறேன். நான்காம் நாள், நான் கிளம்புவதற்கு முன், ஒரே ஒரு சோதனையை மட்டும் மனத்தில் பதிய வைக்க முயன்றேன். விளையாட்டுக்குள்ளோ, உலாவியிலோ, வாட்ஸ்அப்பிலோ, உங்கள் செயலி பழசாகிவிட்டது, உடனே புதுப்பியுங்கள் என்று எது சொன்னாலும், அது சொல்லும் இடத்தில் தொடாமல் அதை மூடிவிட வேண்டும். பிறகு முகப்புத் திரையில் உள்ள பிளே ஸ்டோர் படத்தைத் தொட்டு, லூடோ கிங் என்று தேடி அதன் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே பொத்தானில் "Update" என்று இருந்தால் அந்தச் செய்தி உண்மை, தொட்டுப் புதுப்பிக்கலாம். "Open" என்று மட்டும் இருந்தால் புதுப்பிக்க எதுவும் இல்லை, அந்தச் செய்தி பொய். உண்மையான விளையாட்டும் சில சமயம் புதுப்பிக்கச் சொல்லும், அதைத் தொட்டால் ஸ்டோருக்கே கொண்டுபோய்விடும். ஆனால் உண்மையானது எது, வேடம் போட்டது எது என்று அந்தப் பெட்டியைப் பார்த்துப் பிரிப்பது எனக்கே சில நேரம் கடினம். ஆகவே அதை அவர் தலையில் ஏற்றவில்லை. நடந்து போய் வாசலில் விசாரிப்பது போல ஒவ்வொரு முறையும் ஸ்டோருக்குப் போய்ப் பார்ப்பதில் அரை நிமிடம்தான் செலவாகும்.

பழகிப் பார்க்க ஒரு போலியையும் தயாரித்தேன். என் கைப்பேசியிலிருந்து "லூடோ கிங் புதிய பதிப்பு, இங்கே தொடவும்" என்று ஒரு செய்தியை, எங்கும் போகாத இணைப்போடு அவருக்கு அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் ஸ்டோரைத் திறந்து வைத்திருந்தார். "ஓப்பன்னுதான் இருக்கு. யாருடா இது, உன் நம்பர்லேருந்து பொய் சொல்றது?" என்றார். நான்தான் என்று சொன்னதற்குத் தலையில் ஒரு குட்டு கிடைத்தது.

ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை இரவு அழைத்தார். லூடோ திறக்கவில்லை, புதிய பதிப்பு வேண்டும் என்று நடுவில் ஒரு பெட்டி நிற்கிறது, ஸ்டோரில் பார்த்தால் "Open" என்று இருக்கிறது, ஆகவே பெட்டி பொய்தானே என்றார். பொய்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். விளையாட்டே திறக்காமல் மறிக்கிறதென்றால் அது விளம்பரமாக இருக்க வாய்ப்புக் குறைவு. புதிய பதிப்பை எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல், சிறு சிறு பங்காகப் பல நாட்களில் பரப்பும் வசதி ஸ்டோரில் செய்பவர்களுக்கு உண்டு. கைப்பேசியில் உள்ள ஸ்டோர் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளாமல் பழையதையே காட்டுவதும் உண்டு. வட்டப் படத்துக்குள் போய்ப் புதுப்பிப்புப் பட்டியலை மறுபடி பார்க்கச் சொன்னேன். அப்போதும் எதுவும் இல்லை. அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நாளைக்குப் பாருங்கள் என்றேன். "அத்தை ஆன்லைன்ல காத்துக்கிட்டு இருக்கா" என்றார். நாளைக்குத்தான் என்றேன்.

மறுநாள் மாலை ஸ்டோரில் "Update" வந்திருந்தது. புதுப்பித்து, ஆடி, அத்தையிடம் தோற்றும் விட்டார். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். என் சோதனையை எழுதியிருந்த வரிக்குக் கீழே, வேறு மையில், அவர் ஒன்று சேர்த்திருந்தார்: "ஓப்பன் என்று இருந்தால் தொடாதே. ஆட்டம் திறக்காவிட்டால் ஒரு நாள் பொறு. பிறகும் வராவிட்டால் தம்பிக்கு போன்."